கையில் அட்சதையா, செல்போனா? கல்யாண வீட்டில் எத்தனை படம் போதும் என்பதற்கு ஒரு கணக்கு

கெட்டிமேளம் முழங்கும்போது மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான். கையிலிருக்கும் அட்சதையைத் தூவி வாழ்த்த வேண்டும். இப்போது நடப்பது வேறு. தட்டில் வந்த அரிசியை இடது உள்ளங்கையில் இடுக்கிக்கொண்டு, வலது கையில் செல்போனைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். மேளம் ஓய்ந்து, மூன்று முடிச்சும் விழுந்து, மாலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் அரிசியின் ஞாபகம் வருகிறது. அதை முன்வரிசைக்காரர் தலையில் கொட்டிவிட்டு, எடுத்த வீடியோவைப் பார்க்கிறார்கள். அதில் தெரிவது மேடையை மறைத்து நிற்கும் வீடியோகிராபரின் முதுகும், தங்களுடையதைப் போலவே உயர்ந்திருக்கும் இன்னும் நாற்பது செல்போன்களும்தான்.

இது படமே எடுக்காதீர்கள் என்று சொல்லும் வழிகாட்டி இல்லை. கல்யாணத்தில் படம் எடுக்க வேண்டும். அதற்கு ஓர் அளவு வேண்டும். யாருக்கு எந்த அளவு என்பது மாறும் என்பதால் ஒரே ஓர் ஆளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அக்கா மகளின் கல்யாணத்துக்குப் போகும் தாய்மாமன். முந்தைய நாள் மாலை நிச்சயதார்த்தமும் வரவேற்பும். மறுநாள் காலை 7.30 முதல் 9 வரை முகூர்த்தம். படமெடுக்க ஸ்டுடியோக்காரர்கள் வருகிறார்கள். மாமன் கையில் ஒரு நல்ல செல்போன் இருக்கிறது. அவருக்கு நான் சொல்லும் அளவு: இரண்டு நாளுக்கும் சேர்த்து 80 படங்கள் எடுக்கலாம், அவற்றில் 36 படங்களை வைத்துக்கொள்ளலாம், தாலி கட்டும் நேரத்தில் ஒன்றும் எடுக்க வேண்டாம். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன, எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதுதான் இனி.

எடுத்தால் நினைவில் நிற்குமா?

"எடுத்து வைத்தால்தானே பிற்பாடு ஞாபகம் இருக்கும்" என்பது எல்லோரும் சொல்லும் நியாயம். பாதி சரி. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியை லிண்டா ஹெங்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்குள் அழைத்துச்சென்று சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் படமெடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்தவற்றைவிட வெறுமனே பார்த்தவைதான் அவர்களுக்கு அதிகம் நினைவிருந்தன. ஆனால் ஒரு பொருளை முழுதாக எடுக்காமல் அதன் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது இந்த மறதி ஏற்படவில்லை. எதை நெருக்குவது என்று தேடும் கண், அந்தப் பொருளைப் பார்த்தும்விடுகிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

2017-இல் அலிக்சாண்ட்ரா பராஷ், கிறிஸ்டின் டீல், கேல் ஸாபர்மன் உள்ளிட்டோர் இன்னொரு கோணத்தைக் காட்டினார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை மக்களின் விருப்பத்துக்கே விட்டால், படமெடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாகவே நினைவில் நிற்கிறது. அதற்கு விலை காதில் கொடுக்கப்படுகிறது. அவர்கள் அந்த இடத்தில் கேட்டவை குறைவாகவே நினைவிருந்தன.

இந்த இரண்டையும் கல்யாண மண்டபத்துக்குள் கொண்டுவந்து பாருங்கள். நம் கல்யாணம் பாதிக்கு மேல் காதால் அனுபவிப்பது. நாயனமும் தவிலும், ஐயர் சொல்லும் சங்கல்பத்தில் தாத்தா பெயர் வருவதும், "மாமன் எங்கே, மாமனைக் கூப்பிடுங்கள்" என்று மேடையிலிருந்து வரும் குரலும், பந்தியில் பரிமாறுபவரோடு பெரியப்பா போடும் சண்டையும் படத்தில் விழாதவை. செல்போன் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இழப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். ஆகவே மாமனுக்கு முதல் விதி: கண்ணுக்கான இடங்களில் படம் எடுக்கலாம், காதுக்கான இடங்களில் செல்போன் சட்டைப்பைக்குள் போய்விட வேண்டும். எடுக்கும்போதும் மண்டபம் முழுவதையும் அள்ளப் பார்க்காமல் ஏதாவது ஒன்றை நெருக்கி எடுக்க வேண்டும்.

மண்டபத்துக்குப் போகும் முன்: ஸ்டுடியோக்காரரிடம் ஒரு போன்

இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்தால் எடுக்க நினைத்த படங்களில் பெரும்பகுதி தேவையற்றுப் போய்விடும்.

இன்று சாதாரணக் கல்யாணத்துக்கே மேடைச் சடங்குகளை வரிசையாக எடுக்க ஒருவர், சிரிப்பும் கண்ணீருமாக இயல்பாக நடப்பதைப் பிடிக்கக் 'கேண்டிட்' எடுப்பவர் ஒருவர், வீடியோவுக்கு ஒருவர் என்று மூன்று பேராவது வருகிறார்கள். இவர்களுக்கு எது உறுதியாகக் கிடைக்கும் என்பது தெரிந்ததுதான்: மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, மெட்டி அணிவிப்பது, அம்மி மிதிப்பது, அக்னி வலம் வருவது, மேடையில் பரிசுப்பெட்டியுடன் வந்து நிற்கும் எல்லோரும். இவற்றை மாமன் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எடுத்தாலும் அவர் படம் அவர்கள் படத்துக்கு ஒருநாளும் ஈடாகாது. அவர்கள் மேடையில் நான்கடி தூரத்தில் விளக்கோடு நிற்கிறார்கள், இவர் நாற்பதடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அக்காவிடம் எண் வாங்கி, மாமனே ஸ்டுடியோவுக்குப் பேசி மூன்று கேள்விகள் கேட்கலாம். மேடைக்கு வெளியே எங்கெல்லாம் எடுப்பீர்கள்? காலையில் எத்தனை மணிக்கு வருவீர்கள்? குடும்பக் குழுப்படம் எப்போது? பதில்கள் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: பெண்ணின் அலங்காரத்தை எடுப்போம், மற்றபடி மேடைதான்; காலை ஐந்தரைக்கு வருவோம்; குழுப்படம் முகூர்த்தம் முடிந்ததும் எடுப்போம், யார் யாரென்று நீங்கள்தான் கூப்பிட்டுத் தர வேண்டும்.

கடைசிப் பதிலில்தான் மாமனுக்கான உண்மையான வேலை இருக்கிறது. ஸ்டுடியோக்காரருக்கு யார் சித்தப்பா, யார் பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரியாது. "பெண்ணின் அப்பா வழித் தாத்தா பாட்டியும் அவர்கள் பிள்ளைகளும்", "அம்மாவோடு உடன்பிறந்தவர்களும் அவர்கள் குடும்பமும்" என்று ஐந்தாறு குழுக்களை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்து, மறுநாள் பக்கத்தில் நின்று பெயர் சொல்லி அழைத்தால், தானே இருநூறு படம் எடுப்பதைவிட மாமன் அதிகம் உதவியவர் ஆவார். பந்திக்கு ஓடிவிடும் ஆட்களை இழுத்துவருவது மாமனால்தான் முடியும்.

36 எப்படி வந்தது

35 மி.மீ. படச்சுருளில் 36 படங்கள் விழும். நம் அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பங்கள் அப்படிச் சில சுருள்களில் அடங்கியவை. ஆனால் பழமைக்கு மரியாதையாக அந்த எண்ணைச் சொல்லவில்லை. பார்க்கும் நேரத்தைக் கொண்டு கணக்கிட்டாலும் அதன் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. ஒரு படத்துக்கு ஐந்து வினாடி என்றால் 36 படங்களை மூன்று நிமிடத்தில் பார்த்துவிடலாம். வீட்டுக்கு வந்தவரிடம் செல்போனை நீட்டினால் அவர் பொறுமையாகப் பார்க்கும் நேரம் அவ்வளவுதான். 600 படங்களுக்கு அதே கணக்கில் ஐம்பது நிமிடம் ஆகும். அதை யாரும் பார்ப்பதில்லை, எடுத்தவரும் சேர்த்துத்தான்.

எடுக்கும் பக்கத்திலும் இதே கணக்குதான். செல்போனை வெளியே எடுத்து, நிற்கவைத்து, எடுத்து, சரியாக வந்ததா என்று பார்த்து உள்ளே வைக்க ஒரு படத்துக்குச் சராசரியாகப் பதினைந்து வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 படங்களுக்கு இருபது நிமிடம். 600 படங்களுக்கு இரண்டரை மணி நேரம். முகூர்த்தமே ஒன்றரை மணி நேரம்தான்.

அந்த 36-ஐ மாமன் எங்கே செலவழிக்க வேண்டும்? ஸ்டுடியோக்காரர் போகாத இடங்களில். எனக்கு மிக முக்கியமானதாகப் படுவது பெரியவர்கள். அவர்களுக்கு மட்டும் எட்டுப் படங்களை ஒதுக்கச் சொல்வேன். மேடையேறி நிற்கும்போது அவர்கள் விறைத்துப்போவார்கள். கீழே மின்விசிறிக்கு அடியில், இருபது வருடமாகப் பார்க்காத சம்பந்தியோடு தொடையில் தட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அது அவர்கள். நான்கு படங்கள் தன் வழிக் குடும்பக் குழுப்படங்களுக்கு. ஐந்து படங்கள் மண்டபத்துக்கு: வாசலில் கட்டிய வாழைமரம், கோலம், விடியற்காலையில் அண்டாவைக் கிளறும் சமையல்காரர், இலை போட்டுத் தயாராக இருக்கும் பந்தி, மொய் எழுதும் மேசை. நான்கு படங்கள் குழந்தைகளுக்கு. ஜமக்காளத்தில் பட்டுப்பாவாடையோடு தூங்கிவிட்ட குழந்தையை ஸ்டுடியோக்காரர் எடுக்கமாட்டார். நான்கு படங்கள் நெருக்கி எடுப்பவை: மருதாணிக் கை, சீர்த்தட்டு, நாயனக்காரரின் விரல்கள், பாட்டியின் மூக்குத்தி. அலங்காரத்துக்கு முன்போ இடையிலோ பெண்ணோடு மூன்று. மேடையில் நடப்பவற்றில் மூன்று. பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது இரண்டு. மீதி மூன்று, எதிர்பாராததற்கு. கூட்டிப் பாருங்கள், 36 வரும்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடிக்கத் தேவையில்லை. பெரியவர்களுக்கு அதிகம், மேடைக்குக் குறைவு என்ற விகிதம் மனதில் இருந்தால் போதும்.

குழுப்படத்துக்கு மட்டும் அதிகம் எடுங்கள்

36 வைத்துக்கொள்ள 80 எடுக்கச் சொன்னதற்குக் காரணம் பெரும்பாலும் குழுப்படம்தான். பன்னிரண்டு பேர் நின்றால் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார். இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் இதைக் கணக்கிட்டு 2006-இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு பெற்றார்கள். சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது; கணக்கு மெய்யானது. படத்துக்கு நிற்பவர் நிமிடத்துக்குப் பத்து முறை கண் சிமிட்டுகிறார், ஒவ்வொரு சிமிட்டலும் சுமார் கால் வினாடி நீடிக்கிறது என்று எடுத்துக்கொண்டு அவர்கள் சொன்ன எளிய விதி இது: இருபது பேருக்குக் குறைவான குழுவில், வெளிச்சம் நன்றாக இருந்தால் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், வெளிச்சம் குறைவென்றால் இரண்டால் வகுங்கள். அத்தனை படங்கள் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோர் கண்ணும் திறந்திருக்கும்.

பன்னிரண்டு பேருக்கு நல்ல வெளிச்சத்தில் நான்கு படங்கள். நானும் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு படம் எடுத்தால் அதில் யாராவது கண் மூடியிருக்க நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு இருக்கிறது. நான்கு எடுத்தால், நான்குமே கெட்டுப்போக நூற்றுக்கு மூன்று வாய்ப்புதான். ஐந்தாவது படத்துக்கும் ஆறாவது படத்துக்கும் கிடைக்கும் லாபம் சொற்பம்; நிற்பவர்களின் முகத்தில் சிரிப்பு வடிவதுதான் மிச்சம்.

இங்கே பலர் செய்வது, பொத்தானை அழுத்திப் பிடித்து ஒரு வினாடிக்குள் பத்துப் பதினைந்து படங்களை மளமளவென்று எடுத்துவிடுவது. அது உதவாது. கண் மூடியிருக்கும் கால் வினாடிக்குள் இரண்டு மூன்று படங்கள் விழுந்துவிடும். தவிர, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் சித்தி அத்தனை படத்திலும் பக்கத்தில்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு படம் எடுத்து, ஒரு மூச்சு விட்டு, "சித்தி, இந்தப் பக்கம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுங்கள். அப்படி எடுக்கும் நான்கு படங்கள் நான்கு விதமாக இருக்கும்.

ஆக மாமனின் நான்கு குழுப்படங்களுக்குப் பதினாறு. மற்ற 32 படங்களுக்குத் தலா இரண்டு என்றால் அறுபத்து நான்கு. மொத்தம் 80.

மண்டப வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது மேடைக்குப் பின்னால் பெரிய எல்.இ.டி. திரை வைக்கிறார்கள். அதன் முன்னால் நிற்பவர்களைச் செல்போனில் எடுத்தால் முகம் கறுத்துப்போகும். செல்போன் திரையில் முகத்தின்மேல் விரலால் தொட்டால் அது முகத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். அப்போது பின்னால் இருக்கும் திரை வெளுத்துப்போனால் போகட்டும். செல்போனின் ஃபிளாஷ் சில அடிகளுக்கு மேல் எட்டாது. நாற்காலியிலிருந்து மேடையை நோக்கி அதை அடிப்பதால் முன்னால் இருப்பவரின் வழுக்கைதான் பளிச்சிடும். குழுவை மேடையில் எடுப்பதைவிட மண்டபத்தின் ஜன்னல் பக்கமோ வாசல் பக்கமோ நிறுத்தி எடுத்தால் மூன்றால் வகுக்கலாம், இரண்டால் வகுக்க வேண்டியிருக்காது.

முகூர்த்தத்தின்போது

தாய்மாமனுக்கு மேடையில் வேலை இருக்கும். சமூகத்துக்குச் சமூகம் முறை மாறினாலும் மாலை போடுவது, பட்டம் கட்டுவது, பெண்ணைக் கைபிடித்து அழைத்துவருவது என்று ஏதாவது ஒன்று மாமனுக்கு உண்டு. அந்த வேலையைச் செய்துகொண்டே ஒரு கையில் செல்போன் வைத்திருக்கும் மாமன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்டுடியோ ஆல்பத்தில் அந்தச் செல்போனும் சேர்ந்தே அச்சாகிறது.

செய்ய வேண்டியது இதுதான். மேடையேறும் முன் செல்போனை அதிர்வுகூட இல்லாமல் அமைதியாக்கி மனைவியிடமோ மகனிடமோ கொடுத்துவிடுங்கள். பையில் வைத்திருந்தால் கை தானாகப் போகும். மேடைக்கான மூன்று படங்களை முகூர்த்தம் தொடங்கும் முன்பே, ஓமகுண்டம் தயாராகிக்கொண்டிருக்கும்போதோ பெண் மணையில் வந்து உட்காரும்போதோ எடுத்து முடித்துவிடலாம். பிறகு தாலி ஏறும்வரை கையில் அட்சதை மட்டும் இருக்கட்டும். தாலியை எல்லோரிடமும் காட்டி ஆசி வாங்கிவரும் தட்டைக் கண்ணால் பார்த்துத் தொட்டுக் கும்பிடுவதற்கும் இரண்டு கையும் வேண்டும். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவர் தங்கை போடுவதை அருகிலிருந்து பார்ப்பவர்கள் மேடையில் நிற்கும் சிலரே. மாமன் அவர்களில் ஒருவர். அந்த இடம் கிடைத்தவர் அதைத் திரை வழியாகப் பார்ப்பது வீண்.

"துபாயில் இருக்கும் தம்பி பார்க்க வேண்டுமே" என்பார்கள். அதற்கு ஸ்டுடியோக்காரர்களே நேரலை இணைப்பு ஏற்பாடு செய்து தருகிறார்கள். முன்கூட்டியே கேட்டால் போதும். அது இல்லையென்றால் மேடையில் வேலை இல்லாத ஒருவரை, கல்லூரிக்குப் போகும் யாராவது ஒரு பையனை, அதற்கென்று நியமியுங்கள். ஒருவர் போதும். அவனுக்கு முன்வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு, வேறு யாரும் எழுந்து நின்று எடுக்க வேண்டாம் என்று முன்வரிசைக்காரர்களிடம் சொல்லிவிடலாம். மாமன் சொன்னால் கேட்பார்கள்.

இரண்டு நிமிடம் ஒலிப்பதிவு

காதால் கேட்டதுதான் மறந்துபோகிறது என்றால் அதைப் பதிவு செய்து வைப்பதே முறை. ஆனால் வீடியோவாக வேண்டாம். வீடியோ எடுக்கத் தொடங்கினால் மீண்டும் திரையைப் பார்க்க வேண்டும், கை நடுங்காமல் பிடிக்க வேண்டும். செல்போனில் இருக்கும் ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, பொத்தானை அழுத்தி, பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காரலாம். உயர்தர வீடியோ ஒரு நிமிடத்துக்கே நூறு எம்.பி.யைத் தாண்டிவிடும், அதே ஒரு நிமிட ஒலி ஓரிரு எம்.பி.க்குள் அடங்கும்.

எதைப் பதிவு செய்வது? முந்தைய நாள் நலங்கின்போது வயதான பெண்கள் யாராவது பாடினால் அது முதலில். அந்தப் பாட்டுகள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. அடுத்தது, பெண் காலில் விழும்போது பாட்டி சொல்லும் வாழ்த்து. நாதஸ்வரத்தையும் பதிவு செய்யலாம். ஆனால் தவிலுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒலி பிசிறடித்து வெறும் இரைச்சலாகப் பதிவாகும். பதினைந்து இருபது அடி தள்ளி வையுங்கள். பத்து வினாடி பதிவு செய்து காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தால் சரியான தூரம் தெரிந்துவிடும். சட்டைப்பைக்குள் வைத்துப் பதிவு செய்தால் துணி உரசும் சத்தம்தான் மிஞ்சும்.

உடனே அனுப்பாதீர்கள்

பராஷும் சக ஆய்வாளர்களும் 2018-இல் இதையும் பார்த்தார்கள். தன் நினைவுக்காகப் படமெடுப்பவரைவிட, சமூக ஊடகத்தில் போடுவதற்காக எடுப்பவர் அந்த நிகழ்ச்சியைக் குறைவாக ரசிக்கிறார். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை எடுக்கும்போதே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கல்யாணத்தில் இதன் அடையாளம் எளிது. படத்தை எடுத்தவுடன் தலைகுனிந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, யார் பார்த்தார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பவர், மண்டபத்தில் இல்லை.

மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு மண்டபத்துக்குள் நுழைவதுதான் எளிய வழி. எடுக்கத் தடையில்லை, அனுப்ப மட்டும் மாலைவரை காத்திருக்க வேண்டும். மணப்பெண்ணின் படத்தை அவளுக்கு முன்பே ஊருக்குக் காட்டுவது முறையும் அல்ல. அவளோ அவள் அம்மாவோ ஒன்றைப் போட்ட பிறகு மற்றவர்கள் போடுவது நல்லது. குடும்பக் குழுவில் ஆளுக்கு இருநூறு படங்கள் கொட்டினால் முப்பது பேர் வீட்டுச் செல்போன்களும் நிரம்பும். "ஆளுக்குப் பத்துப் படம், அதிலும் ஸ்டுடியோவில் வராதது மட்டும்" என்று மாமன் ஒரு செய்தி போட்டுவிடலாம். அச்சடிக்க வேண்டிய படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் முழு அளவில் போகும்.

80-ஐ 36 ஆக்குவது

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே முதல் சுற்றை முடித்துவிடலாம். மங்கியவை, கண் மூடியவை, ஒன்றைப்போலவே இருக்கும் இரட்டைகள் ஆகியவற்றை யோசிக்காமல் அழியுங்கள். அழித்த படம் ஐபோனில் முப்பது நாள்வரை மீட்கும் இடத்தில் இருக்கும் என்பதால் கை நடுங்கத் தேவையில்லை. இந்தச் சுற்றிலேயே பாதிக்கு அருகில் வந்துவிடும்.

இரண்டாவது சுற்றை ஒரு வாரம் கழித்துச் செய்யுங்கள். அழிப்பதைப் பற்றி நினைக்காமல், பிடித்தவற்றில் மட்டும் இதயக் குறியைத் தொடுங்கள். அழிப்பதற்கு மனம் வராது. பிடித்ததைத் தேர்ந்தெடுக்க வரும். ஒரே காட்சியில் இரண்டு படங்கள் போட்டியிட்டால், முகங்கள் நன்றாக இருப்பதை வையுங்கள், பின்னணி அழகாக இருப்பதை விடுங்கள். பத்து வருடம் கழித்துப் பார்ப்பவர் முகத்தைத்தான் தேடுவார். யாரென்று இப்போதே மாமனுக்குத் தெரியாத ஆள் மட்டும் நிற்கும் படத்தை வைத்துக்கொள்வதில் பயனில்லை. இதயக் குறி வாங்கியவை 36-க்கு மேல் போனால் பரவாயில்லை. 50-ஐத் தாண்டினால் மீண்டும் பாருங்கள்.

ஸ்டுடியோ படங்களின் கதை தனி. சில ஆயிரம் படங்களை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, "கரிஷ்மா ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள்" என்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள், மாமியார் வீட்டில் ஒரு பட்டியல், அம்மா வீட்டில் ஒரு பட்டியல் என்று மாதங்கள் ஓடும். குழந்தை பிறந்த பிறகும் கல்யாண ஆல்பம் வராத வீடுகள் எத்தனையோ உண்டு. இரண்டு குடும்பத்திலும் ஒவ்வொருவர் வீதம் இருவர் உட்கார்ந்து, சடங்குக்கு இவ்வளவு, உறவினருக்கு இவ்வளவு என்று பக்கங்களை முதலில் பிரித்துவிட்டு, பிறகு படத்தைத் தேடினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும். படத்தை முதலில் பார்க்கத் தொடங்கினால் முடியாது. ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருக்கும்.

மாமனின் 36-ஐ நான்குக்கு ஆறு அங்குலத்தில் அச்சடித்துக்கொள்ளலாம். எந்தச் செல்போன் படமும் அந்த அளவுக்குத் தாங்கும். பின்புறம் யார் யார் என்று பெயரை எழுதுங்கள். பேனா மை ஒட்டிக்கொண்டு அடுத்த படத்தைக் கெடுக்கும் என்பதால் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுவது நல்லது. பெரியவர்கள் படங்களில் ஒரு பிரதி அவரவர் வீட்டுக்குப் போகட்டும். அவர்களில் பலர் வாட்ஸ்அப்பில் இல்லை.

இந்தக் கணக்கு பொருந்தாத இடங்கள்

பதிவாளர் அலுவலகத்திலோ வீட்டிலோ ஸ்டுடியோக்காரர் இல்லாமல் நடக்கும் சிறிய கல்யாணத்துக்கு 80 போதாது. அங்கே ஒருவர் முழுநேரமும் படமெடுப்பவராக இருக்க வேண்டும். 150 முதல் 200 படங்கள் எடுக்கட்டும். ஆனால் அவர் தாய்மாமனாகவோ உடன்பிறந்தவராகவோ இருக்கக் கூடாது. நண்பர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு, மற்ற எல்லோரும் செல்போனை உள்ளே வைத்துவிடலாம். இதற்கு மாறாக, கொஞ்சம் தூரத்து உறவாகவோ அலுவலக நண்பராகவோ கல்யாணத்துக்குப் போகிறவருக்கு ஐந்து படங்களே அதிகம்: வாழ்த்திய தம்பதியோடு ஒன்று, தன்னோடு வந்தவர்களோடு ஒன்று, மீதி அவர் இஷ்டம்.

கோவில் கல்யாணம் தனி. தமிழகக் கோவில்களுக்குள் செல்போன் கொண்டுசெல்லத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோவில் தொடர்பான வழக்கில் உத்தரவிட்டது. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலிலும் செல்போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே கோவிலில் கல்யாணம் என்றால், நாள் குறித்தவுடனேயே கோவில் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்: திருமணத்தைப் படமெடுக்க ஸ்டுடியோக்காரருக்கு அனுமதி உண்டா, எத்தனை பேர், கட்டணம் எவ்வளவு, எந்த மண்டபம்வரை? அனுமதி இல்லையென்றால் குழுப்படத்தைக் கோவிலுக்கு வெளியேயோ விருந்து நடக்கும் இடத்திலோ வைத்துக்கொள்வதாக இரண்டு வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தாலி கட்டியவுடன் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள்.